விடியற்காலை வேலைக்கு உடலைப் பழக்குதல்

பெரார்கஞ்ச் வட்டாரத்தில் வசிக்கும் நம்மவர் பலருக்குக் காலை 6 மணி முறை வேலையோ, வெளியூரில் காலைப் பரீட்சையோ வரும்போது, முந்தின இரவு மட்டும் சீக்கிரம் படுத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறார்கள். படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. நாம் வழக்கமாக உறங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரந்தான் உடல் மிகவும் விழிப்பாக இருக்கும் வேளை என்பதே அதற்குக் காரணம்.

ஆகையால் முதலில் மாற்ற வேண்டியது படுக்கும் நேரத்தையன்று, எழும் நேரத்தையே. அதையும் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். உடலின் கடிகாரத்தைத் திருப்பும் கை வெளிச்சமாகும். நாம் வழக்கமாக விழிப்பதற்குச் சுமார் 2 மணி முன்பு உடற்சூடு மிகவும் தணிந்திருக்கும். அதற்குப் பின் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும். அதற்கு முன் படுவதோ பின்னே தள்ளிவிடும். முதல் நாளே வெகு சீக்கிரம் எழுந்து விளக்கடியில் உட்காருகிறவருக்குப் பலன் எதிராகப் போவது இதனால்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் இரவு 10.30க்கு உறங்கிக் காலை 6.30க்கு எழுகிறவர். மார்ச் மாதத்தில் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) 6 மணி வேலையில் சேர, அவர் 4.30க்கு எழ வேண்டும். நாளொன்றுக்கு 20 நிமிஷம் முன்னதாக எழுந்தால், முதல் நாள் 6.10, இரண்டாம் நாள் 5.50 என்று ஆறாம் நாள் 4.30க்கு வந்துவிடலாம். படுக்கையும் சாப்பாடும் அதே அளவில் முன்னே வரட்டும். அதன்பின் இரண்டு நாள் அந்நேரத்திலேயே நிலைத்திருத்தல் நலம். ஆக, எட்டு நாள் முன்பே தொடங்க வேண்டும்.

இதில் நம் தீவுக்கு ஓர் அனுகூலம் உண்டு. இந்தியக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குக் கணித்தது. நாமோ அதற்குச் சுமார் 10 பாகை கிழக்கே இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிஷமாகச் சூரியன் நமக்குச் சுமார் 40 நிமிஷம் முந்துகிறான். மார்ச்சில் 5.20க்கே உதித்துவிடுகிறான், சென்னையிலோ 6.10 ஆகும். எழுந்தவுடன் அரை மணி நேரம் வாசலில் நில்லுங்கள். கடைசி நாட்களில் இருள் பிரியாதிருந்தால் வீட்டு விளக்கை ஏற்றி, வெளுத்ததும் வெளியே வாருங்கள். மாலையும் இங்கே விரைவில் இருளுகிறது. அப்பொழுது பளிச்சென்ற விளக்கையும் கைப்பேசியையும் குறைத்துக்கொண்டால் உறக்கம் தானே முன்வரும். பிற்பகல் காப்பியை விட்டுவிடுங்கள். அதன் வீறு பாதி தணியவே சுமார் 5 மணி நேரமாகும்.

மணி அடிக்குமுன் கண் விழிப்பதும், முற்பகலில் தலை சாயாதிருப்பதும் உடல் பழகியதற்கு அடையாளம். இடையில் ஞாயிறென்று 7 மணி வரை உறங்கினால் சேர்த்த நிமிஷங்கள் நழுவிவிடும். வாரந்தோறும் முறை மாறும் இரவு வேலைக்காரருக்கு இவ்வழி உதவாது; உடல் பழகுமுன் முறை மாறிவிடும்.