சளிக்காய்ச்சல் ஊசி: எந்த மாதம் போடுவது?

"டாக்டர், அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, இனிப்பு நீரும் இருக்கிறது. போன செப்டம்பரில் ஊசி போட்டோம். இந்த மே மாதம் மறுபடியும் போட வேண்டுமா?" ஜெலுத்தோங்கிலிருந்து வந்த மகள் கேட்டார். நல்ல கேள்வி.

குளிர் நாடுகளில் பதில் எளிது. அங்கே சளிக்காய்ச்சல் குளிர்காலத்தோடு வந்து குளிர்காலத்தோடு போய்விடும். அதற்கு முன்பு ஊசி போட்டால் போதும். பினாங்கில் குளிர்காலமே கிடையாது. ஆண்டு முழுவதும் கிருமி சுற்றிக்கொண்டிருக்கும், நடுநடுவே திடீரென்று எகிறும். 2025 அக்டோபரில் நாடு முழுவதும் சுமார் 6,000 மாணவர்களுக்குத் தொற்றி, சில பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. நினைவிருக்கும்.

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு கிடைக்காது. எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். பிறகு அது மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். முதியவர்களுக்கு அது பெரும்பாலும் இன்னும் விரைவாகக் குறையும். ஆக, அந்த அம்மா செப்டம்பரில் போட்டது தீபாவளி, பள்ளி விடுமுறை, தைப்பூசக் கூட்டம் வரை நன்றாகத் துணை நின்றிருக்கும். மே மாதத்தில் அதே பலம் இருக்குமென்று நம்பியிருக்க முடியாது.

பக்கத்துச் சிங்கப்பூரில் இதையே ஆராய்ந்தார்கள். 65 வயதைத் தாண்டிய 200 பேருக்கு முதலில் சளிக்காய்ச்சல் ஊசி. ஆறு மாதம் கழித்துப் பாதிப் பேருக்கு மீண்டும் அதே நோய்க்கான ஊசி, மற்றவர்களுக்கு வேறொரு தடுப்பூசி. இரண்டு முறை போட்டவர்களின் எதிர்ப்புச் சக்தி கூடியது, சளிக்காய்ச்சல் போன்ற நோய் வந்ததாகச் சொன்னவர்களும் அவர்களில் குறைவு. ஆனால் 200 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். அதை வைத்து எல்லாரும் ஆண்டுக்கு இருமுறை போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பொதுவான பரிந்துரை இன்றும் ஆண்டுக்கு ஒருமுறைதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிருமி உருமாறுவதால், உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை ஊசியின் கலவையைத் தீர்மானிக்கிறது: பிப்ரவரியில் வடகோளத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக்கு. நாம் நடுவில் இருப்பதால் இரண்டுமே இங்கே வரும். கிளினிக்கில் பெட்டியைக் காட்டச் சொல்லி, எந்தக் கோளம், எந்த ஆண்டு, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பழைய கலவை தீரும் தறுவாயில், சில வாரங்களில் புதியது வரும் என்றால், ஆரோக்கியமான இளையவர் காத்திருக்கலாம். வயதானவரும் கர்ப்பிணியும் காத்திருக்கக் கூடாது, கையில் இருப்பதைப் போட்டுக்கொள்வதே நல்லது.

அந்த மகளிடம் இரண்டு வழி சொன்னேன். அம்மா வீட்டோடு இருப்பவர் என்றால் செப்டம்பருக்கே விட்டுவிடலாம். ஜூனில் தமிழ்நாட்டுக்குப் போகும் திட்டமோ, வீட்டில் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகளோ இருந்தால், மே மாதத்தில் தென்கோள ஊசி போடுவது பற்றி அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். பேரப்பிள்ளைகள் மூன்று பேர் என்றார். அப்படியானால் முதலில் அவர்களுக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். போடவில்லையாம்.