விபத்து அறிக்கைக்கு வெளியே நிற்கும் தொழிலாளர்

ஆசிரியருக்கு,

2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டிய இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியாத் தொட்டிக்குள் முதலில் ஒருவர் வீழ, அவரை மீட்க முற்பட்டவர்களும் அதிலே அகப்பட்டு, மொத்தம் ஐவர் உயிரிழந்தனர். இறப்பர்ப் பால் உறையாதிருக்கச் சேர்க்கப்படும் அமோனியா, காற்றோட்டமற்ற இடத்தில் செறிந்தால் கண்ணையும் மூச்சையும் ஒருசேர முடக்கிவிடும் என்பதால், சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றுப் பட்டியுமின்றி உள்ளே இறங்குவோர் அடுத்த பலியாகின்றனர்.

இத்தகைய விபத்தில் இறந்தோரின் தொகையைவிட, நிகழ்வுகளின் வரிசையே அடுத்த உயிரைக் காப்பது. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், உயிரிழப்பையோ, ஒருவர் முழுக் கூலிக்கு மூன்று நாட்களுக்கு மேல் உழைக்க இயலாதவாறு நேர்ந்த காயத்தையோ, தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு உடனடியாக எழுத்தில் அறிவிக்குமாறு பணிக்கிறது. ஆனால் அச்சட்டம் பெரும்பாலும் தொழிற்சாலை என்னும் வரையறைக்குள்ளேயே நிற்பதால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் கூலிக்குக் கதிரடிப்பவரும், செட்டிபாளையம் போன்ற எழுவான்கரைக் கிராமங்களில் கிணறு துப்புரவாக்குபவரும் காயமுற்றால், அவ்வறிவித்தல் அனுப்பவேண்டிய கடப்பாடு எவருக்கும் இல்லை. இது ஏற்கத்தகாத அநீதியாகும்.

கிணற்றுக்குள்ளேயே எரிபொருளில் இயங்கும் நீர்ப்பம்பை இறக்கி இயக்கும்போது வெளிப்படும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயுவுக்கு மணமில்லை. முதலில் தலைவலியும் தள்ளாட்டமும் தோன்றி, பின்னர் நினைவு தவறுகிறது. அவ்வாறு ஒருவர் வீழ்ந்தால், "கவனயீனம்" என்ற ஒரு சொல்லோடு விடயத்தை முடிப்பது, பம்பை உள்ளே வைக்கச் சொன்னவரின் பொறுப்பை இறந்தவர்மீது சுமத்துவதாகிவிடும். பம்பு எங்கே இருந்தது, எத்தனை மணிக்கு இயக்கப்பட்டது, யாருடைய பணிப்பில் முதலாமவர் இறங்கினார், கயிறு இருந்ததா என்பன நேர வரிசைப்படி எழுதப்படவேண்டும். சாட்சிகளின் பெயரோடு அவர்கள் நின்ற இடமும், தாமே கண்டவை எவை, பிறர் சொல்லக் கேட்டவை எவை என்பதும், ஒருவர் கூற்று மற்றவரைப் பாதிக்காதவாறு அன்றைய தினமே தனித்தனியாகப் பதியப்படவேண்டும். பின்தொடர் நடவடிக்கை என்ற பகுதியில் "இனிக் கவனம் எடுக்கப்படும்" என்பது போதாது. பம்பை வெளியே நிறுத்துவதை யார், எந்தத் திகதிக்குள் உறுதிசெய்வார், அதை யார் சென்று பார்ப்பார் என்பதே எழுதப்படவேண்டியது.

நட்டஈடு கோரும் குடும்பத்துக்கும் பெரும்பாலும் இப்பதிவே ஆதாரமாக நிற்கும். ஊர்க்காரர் நினைவிலிருந்து சில மாதங்கள் கழித்துச் சேர்க்கும் வாக்குமூலம் அதற்கு ஈடாகாது.

ஆகவே விபத்தை அறிவிக்கும் கடப்பாட்டை வயலுக்கும் கிணற்றுக்கும் விரிவுபடுத்தச் சட்டத்தைத் திருத்துமாறும், அதுவரை கிராம உத்தியோகத்தர் மூலம் சாட்சிகளின் பெயருடன் கூடிய அறிக்கையைப் பெற்றுத் தொழில் திணைக்களத்துக்கு அனுப்பப் பிரதேச செயலகங்கள் ஏற்பாடு செய்யுமாறும் உரிய அதிகாரிகள் வேண்டப்படுகின்றனர்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
செட்டிபாளையம்.