கூரைக்கு ஓர் ஆயுள், சுவருக்கு ஓர் ஆயுள்

நம் மாணவர்களில் சிலர் தங்கியிருக்கும் விடுதியின் அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. மேல்தளத்தின் நீர்க்காப்பை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட 45 லட்சம் ரூபாய் ஆகிறதாம். ஆகவே மூன்றாண்டுகளுக்கு ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டுமாம். நானும் அந்த நூறு பேரில் ஒருவன். நண்பர்கள் கொதித்தார்கள். கூரை ஒழுகுவது உண்மை. ஆகவே கொதிப்பதில் பயனில்லை என்று நான் எண்ணினேன். ஆனால் வணிகவியல் படிக்கிறவன் என்ற முறையில் விடுதியின் ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பிழை கூரையில் மட்டும் இல்லை, பேரேட்டிலும் இருக்கிறது என்பது அப்போது புலனாயிற்று.

எளிமைக்காக எண்களைச் சற்று முழுமையாக்கிச் சொல்கிறேன். நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடத்துக்கு ஆன செலவு 3 கோடியே 60 லட்சம். சொத்துப் பதிவேட்டில் 'கட்டடம்' என்ற ஒரே வரி. ஆயுள் 60 ஆண்டு. ஆண்டுதோறும் 6 லட்சம் தேய்மானம். அதை நூறு மாணவர்களுக்குப் பங்கிட்டு, ஆளுக்கு 6,000 ரூபாயை விடுதிக் கட்டணத்தில் சேர்த்தார்கள். அப்படி வந்த தொகை கட்டடக் கடனை அடைப்பதற்குச் சரியாகப் போயிற்று.

கேட்பதற்கு ஒழுங்கான கணக்குத்தான். ஆனால் 60 ஆண்டு நிற்கப்போவது எது? தூணும் உத்தரமும் தளமும் சுவரும் நிற்கும். மழைநீர் இறங்காமல் தளத்தின்மேல் போட்ட பூச்சும் ஓடும் நிற்குமா? இரண்டு லிப்டுகள் நிற்குமா? நம் ஊர்களில் மண்சுவர் வைத்துக் கூரை வேய்ந்தவர்கள் இந்தக் கேள்வியில் ஏமாறவில்லை. சுவர் தலைமுறைக்கு நிற்கும், கீற்று இரண்டு மழைக்குத்தான் தாங்கும் என்று அறிந்து, கீற்றுக்கென்று தனியே காசு எடுத்துவைத்தார்கள்.

இனி அதே கட்டடத்தைப் பிரித்துப் பார்ப்போம். ஒப்பந்தக்காரரின் பட்டியலில் விவரம் இருக்கிறது. கட்டமைப்புக்கு 3 கோடி. 60 ஆண்டில் கழித்தால் ஆண்டுக்கு 5 லட்சம். கூரையின் நீர்க்காப்புக்கு 30 லட்சம். 15 ஆண்டில் கழித்தால் ஆண்டுக்கு 2 லட்சம். லிப்டுகளுக்கு 30 லட்சம். 20 ஆண்டில் கழித்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். ஆகத் தேய்மானம் எட்டரை லட்சம். ஒற்றை வரிக் கணக்கு ஆண்டுதோறும் இரண்டரை லட்சத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. அதாவது ஒவ்வொரு மாணவனும் 2,500 ரூபாய் குறைவாகக் கட்டிச் சென்றிருக்கிறான்.

இந்த இரண்டரை லட்சத்தையும் வசூலித்து வங்கியில் போட்டிருந்தால், 15 ஆண்டில் வட்டியில்லாமலே முப்பத்தேழரை லட்சம் சேர்ந்திருக்கும். ஆறு சதவீத வட்டி கிடைத்திருந்தால் 58 லட்சத்தைத் தாண்டியிருக்கும். கூரையையும் போட்டு, லிப்டுக்கும் கொஞ்சம் மிச்சம் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்யாததால், பதினைந்து ஆண்டு மாணவர்கள் நனையாமல் தங்கிச் சென்ற கூரைக்கு இப்போது நாம் பணம் கட்டுகிறோம்.

பேரேட்டின் நிலையையும் பாருங்கள். 15 ஆண்டில் பழைய கூரைக்கு ஏழரை லட்சமே கழிந்திருக்கிறது. மீதி இருபத்திரண்டரை லட்சம் இன்னும் ஐந்தொகையில் சொத்தாக நிற்கிறது. அந்தக் கூரையையோ உடைத்து லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்! இதன்மேல் புதிய கூரையின் 45 லட்சத்தையும் சொத்தில் ஏற்றினால் ஒரே கட்டடத்துக்கு இரண்டு கூரை ஆகிவிடும். சொத்தில் ஏற்றாமல் பழுதுபார்ப்புச் செலவு என்று எழுதினால், ஓராண்டின் தலையில் 45 லட்சமும் விழும். பாகம் பாகமாகக் கழித்திருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. பழைய கூரை பூஜ்யத்துக்கு வந்திருக்கும்; புதியது ஆண்டுக்கு 3 லட்சமாகக் கழியத் தொடங்கும்.

இது என் கற்பனை விதியன்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, காங்கிரீட் சட்டகமுடைய, தொழிற்சாலையல்லாத கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் தருகிறது. அந்த ஆயுள் முழுச் சொத்துக்கு உரியது என்றும், மொத்தச் செலவில் கணிசமான பங்குள்ள ஒரு பாகத்தின் ஆயுள் வேறாக இருந்தால் அதைத் தனியே தீர்மானிக்க வேண்டும் என்றும் அதே அட்டவணை கூறுகிறது. 2015 ஏப்ரல் முதல் தேதியன்றோ அதன் பின்னரோ தொடங்கும் கணக்காண்டுகளுக்கு இது கட்டாயம். ஆனால் கம்பெனிச் சட்டம் கம்பெனிகளுக்குத்தான். நம் விடுதியை நடத்துவதோ ஓர் அறக்கட்டளை. கட்டாயமில்லை என்பதால் நியாயமும் இல்லை என்று ஆகிவிடாது என்பதே என் கட்சி.

வகுப்பு நண்பர் ஒருவர் மறுத்தார்: "கூரை பதினைந்து ஆண்டு என்பது வெறும் ஊகம். ஊகத்தை நம்பி நம்மிடம் 2,500 ரூபாய் கூடுதலாகக் கேட்கலாமா?" ஊகம்தான். ஆனால் ஆண்டுதோறும் திருத்தத்தக்க ஊகம். பத்தாம் ஆண்டு முடிவில் 20 லட்சம் கழிந்து 10 லட்சம் மீதி நிற்கிறது என்று கொள்வோம். பொறியாளர் தளத்தைப் பார்த்து, இன்னும் இரண்டாண்டுதான் தாங்கும் என்கிறார். பழைய ஆண்டுகளைக் கிளற வேண்டியதில்லை. மீதியை ஆண்டுக்கு 5 லட்சமாகக் கழித்தால் போதும். கூரைக்கு 60 ஆண்டு என்பதும் ஓர் ஊகமே. அது தவறென்று எல்லாருக்கும் தெரிந்த ஊகம்.

"பழைய கட்டடம், பட்டியல் தொலைந்துவிட்டது, எப்படிப் பிரிப்பது?" என்பது மற்றொரு தடை. பாகத்தின் இன்றைய மாற்றுச் செலவைக் கொண்டு அன்றைய செலவை மதிப்பிடக் கணக்கியல் தரங்களே இடம் தருகின்றன. அதற்காகக் கதவுத் தாழ்ப்பாள்வரை பிரிக்க வேண்டுவதில்லை. செலவும் பெரிதாய், ஆயுளும் வேறாய் இருப்பவை போதும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தேய்மானம் எழுதுவதால் மட்டும் பணம் சேர்ந்துவிடாது. கட்டணத்தில் சேர்த்து, வந்ததை வேறெதற்கும் எடுக்காமல் வைத்தால்தான் சேரும். மேலும் இந்தக் கணக்கு 30 லட்சத்தைத்தான் மீட்டுத் தரும். விலையேற்றத்தால் அது 45 லட்சமாவதை அறியாது. அந்த இடைவெளியை வட்டியோ, தனி ஒதுக்கீடோதான் நிரப்ப வேண்டும்.

ஆகவே கட்டணத்தை எதிர்த்துக் கூச்சலிடுவதைவிட, நிர்வாகத்தாரிடம் பணிவாக இரண்டு கேள்விகள் கேட்போம். சொத்துப் பதிவேட்டில் கட்டடம் எத்தனை வரி? இந்த ஆண்டு புதிய கூரையைச் சேர்க்கும்போது, பழைய கூரையை நீக்கியதற்குப் பதிவு உண்டா? லிப்டுகளின் ஆயுள் முடிய இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. ஒற்றை வரிக் கணக்கே தொடர்ந்தால், அன்று அவற்றின் பேரிலும் 20 லட்சம் கழியாமல் நிற்கும். அப்போது நாம் இங்கே இருக்கமாட்டோம். அடுத்த அறிவிப்புத் தாளைப் படிக்கப்போகிறவர்கள் நம் தம்பி தங்கைகள். நமக்கு முன்னிருந்தவர்கள் நமக்குச் செய்ததை நாமும் அவர்களுக்குச் செய்யலாகாது.