“பிந்தி வந்தார்” என்ற ஒரு வரி

பிரசவத்தோடு ஒரு தாய் இறந்தால் நம் லயங்களிலும் குடியேற்றங்களிலும் முதலில் எழும் பேச்சு, “ஏன் இவ்வளவு நேரம் வீட்டில வச்சிருந்தாங்க?” என்பதுதான். ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் “பிந்தி வந்தார்” என்று ஒரு வரி ஏறிவிடும். அந்த வரியோடு விசயம் முடிந்துபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பம் சம்பந்தப்பட்ட காரணத்தால் நேரும் மரணம் தாய் மரணம். நம் நாட்டில் இவை அறிவிக்கப்பட்டு மீளாய்வு செய்யப்படுகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். குற்றவாளியைப் பிடிப்பது அதன் நோக்கமல்ல. எங்கே நேரம் போனது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த நேரத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: போக முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைக்கும் தாமதம்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு தாயின் கதையும் அல்ல. விளக்கத்துக்காக நாமே கட்டியது. முல்லைத்தீவின் உட்புறம், 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர் குடும்பம் ஒன்று. மூன்றாவது பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள். மாலை 6.00க்கு இரத்தம் அதிகமாகப் போகத் தொடங்குகிறது. “கெட்ட இரத்தம், போகட்டும்” என்கிறார் மாமியார். 9.20க்குத் தலைசுற்றி விழுந்த பிறகே கிளம்ப முடிவாகிறது. ஆட்டோ தேடிப் பிடித்து, பள்ளமும் மணலுமான பாதையில் சிறிய ஆஸ்பத்திரியை அடையும்போது 10.35. அங்கே சேலைன் ஏற்றுகிறார்கள். இரத்த வங்கி இல்லை. 11.05க்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு. அம்புலன்ஸ் புறப்பட்டது 11.50. போய்ச் சேர்ந்தது 12.55. இரத்தம் ஏற்றத் தொடங்கியது 1.40. உயிர் பிரிந்தது 2.15.

சுருக்கம் எழுதும்போது முதல் வேலை, எல்லாப் பதிவுகளையும் ஒரே நேர வரிசையில் கொண்டுவருவது. கர்ப்பிணி அட்டை, மருத்துவமாதுவின் பதிவு, இடமாற்றத் துண்டு, அம்புலன்ஸ் பதிவு, கட்டிலோடு இருக்கும் சிகிச்சைப் பதிவு, வீட்டார் சொன்னது என ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் அது எதிலிருந்து வந்தது என்று குறிக்க வேண்டும். இரண்டு பதிவுகள் முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடக் கூடாது. இரண்டையும் எழுத வேண்டும். தாயின் பெயரும் வைத்தியரின் பெயரும் சுருக்கத்தில் வராது.

இப்போது கூட்டிப் பாருங்கள். முடிவெடுக்க 3 மணி 20 நிமிடம். போய்ச் சேர 1 மணி 15 நிமிடம். முதல் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இரத்தம் ஏறும்வரை 3 மணி 5 நிமிடம். இடமாற்றப் பயணத்தைச் சிலர் “பாதைத் தாமதம்” என்று இரண்டாவதில் போட்டுவிடுவார்கள். அது தவறு. அவள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். தேவையான சிகிச்சை அங்கே இல்லாததால்தான் மறுபடி வண்டி ஏறினாள். ஆகவே அது மூன்றாவது தாமதம். “பிந்தி வந்தார்” என்ற வரி இந்த மூன்று மணி நேரத்தை அப்படியே மறைத்துவிடுகிறது.

முதல் தாமதத்தையும் அத்தோடு விட முடியாது. மாமியாருக்கு ஆபத்து ஏன் தெரியவில்லை? பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்களுக்குள் மருத்துவமாது வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். இரத்தப்போக்கைப் பற்றிச் சொல்வது அந்த நேரத்தில்தான். நம் மாதிரியில் அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன, ஏனென்றால் அந்தப் பிரிவில் பதவி வெற்றிடம். புருசன் முந்திரித் தோட்டக் காவலில். போனால் அன்றைய சம்பளம் இல்லை. இவற்றை எழுதாவிட்டால் பழி மாமியார் தலையில் மட்டும் விழும். (மாமியாருக்கும் பிழை உண்டுதான். ஒன்பதாம் நாளில் துணி மாற்றி மாற்றி நனைந்தால் அது “கெட்ட இரத்தம்” அல்ல. உடனே 1990க்கு அழைக்க வேண்டும்.)

இப்படி ஒரு சாவு நடந்த வீட்டில் நம் கிளைத் தோழர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிப் பதிவு நம் கைக்கு வராது. ஆனால் வீட்டாரின் நேரங்கள் நம்மிடம்தான் இருக்கின்றன. யாரை எப்போது அழைத்தார்கள் என்பது போனில் இருக்கும். அழியுமுன் எழுதி வையுங்கள். ஆட்டோக்காரத் தம்பியிடமும் கேளுங்கள். விசாரிக்க வருபவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஆஸ்பத்திரி எழுதிய 10.35 என்பது பதிவு மேசையின் நேரமா, வைத்தியர் பார்த்த நேரமா என்றும் அவரிடம் கேளுங்கள்.