பாக்கியைக் கேட்டால் பார்ட்டி போய்விடுமா?

திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு ஊறிப்போயிருக்கிறது: "கடிதம் போட்டுக் கேட்டால் பார்ட்டி கோபித்துக்கொள்வார், போனில் சொன்னால் போதும்." இரண்டுமே தவறு.

கோபித்துக்கொள்வார் என்பதை முதலில் பார்ப்போம். பில் நிற்பது பெரும்பாலும் முதலாளி மேஜையில் அல்ல, அக்கவுண்ட்ஸில். பி.ஓ. எண் இருக்காது, சரக்கு வரவுச் சீட்டு போட்டிருக்க மாட்டார்கள். ஜூன் 1-ல் பிரிண்டிங் முடித்துக் கொடுத்த வேலைக்கு 84,000 ரூபாய் பில், கெடு 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 4-ல் இப்படி எழுதலாம்: "சார், ஜூன் 1 தேதியிட்ட பில் 214, ரூ.84,000, ஜூலை 1-ல் வரவேண்டியது. நகல் இணைத்துள்ளேன். அனுப்பிவிட்டிருந்தால் யு.டி.ஆர். எண் மட்டும் சொல்லுங்கள்." இதில் கோபப்பட என்ன இருக்கிறது? அக்கவுண்டன்டுக்குத் தேடும் வேலை மிச்சம்.

போன் போதும் என்பது இன்னும் ஆபத்து. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற பேச்சுக்குச் சாட்சி இல்லை. கடன் வசூலுக்கு வழக்குப் போடக் காலக்கெடு 3 ஆண்டு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வந்தால் கையெழுத்திட்ட நாளிலிருந்து கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே ஜூலை 11-ல் போகும் இரண்டாம் கடிதம் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: எந்தத் தேதியில் பணம் வரும்? வேலையில் ஏதும் குறை உண்டா? டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் சரக்கை ஏற்றதாகவே 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கொள்கிறது. ஆனால் குறை நிஜமாகவே இருந்தால் மூன்றாம் கடிதத்தை நிறுத்திவையுங்கள். முதலில் குறையைத் தீருங்கள்.

"சட்டம் பேசினால் ஆர்டர் போச்சு" என்பது கடைசி வாதம். எடுத்த எடுப்பில் பேசினால் போகலாம்தான். இரண்டு கடிதத்துக்கும் பதிலில்லாத பிறகு, ஜூலை 17-ல் மூன்றாம் கடிதத்தில் பேசுவது வேறு. என்ன ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் கெடு செல்லாது. அது முந்தின நாளே முடிந்துவிட்டது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு யூனிட்டுக்கு, ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாகத் தர வேண்டும். ஆண்டு முடிவிலும் பாக்கி நின்றால், பணம் கொடுக்கும் வரை அதைச் செலவாக வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. இதை அவருடைய ஆடிட்டர் உடனே புரிந்துகொள்வார். "ஏழு நாளுக்குள் செலுத்துங்கள், தவறினால் வசதியாக்க மன்றத்தில் மனு கொடுப்பேன், புதிய வேலை முன்பணத்துக்கே" என்று எழுதி, முந்தின இரு கடிதங்களையும் இணையுங்கள்.

அதற்கும் அசையாத பார்ட்டியின் ஆர்டர் உங்கள் பணத்தில் அவர் நடத்தும் தொழில். அதை விடுவதில் நஷ்டமில்லை.