"தங்கலாமா?" என்னும் கேள்வியைப் பற்றி

கொள்ளேகாலில் வாடகை வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று, மகளின் காதணி விழாவுக்கு உறவினரை அழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே ஒரு கேள்வி எழும்: "ஊரிலிருந்து வருகிறவர்கள் மூன்று நாள் நம் வீட்டில் இருக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டாயிற்றா?" இக்கேள்வியில் சட்டம், மொழி, தண்ணீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால், பாதிக்குக் கேட்கவே தேவையில்லை என்பதும், கேட்டே ஆகவேண்டிய மற்றப் பாதியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை என்பதும் தெரியும்.

கொள்ளேகாலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 வரை அது சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த வட்டம். பின்னர் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. எல்லை மாறினாலும் உறவு மாறவில்லை. சத்தியமங்கலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் உறவினர் திம்பம் மலைப்பாதையைக் கடந்தாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2022 முதல் அப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. ஆகவே மாலை விருந்து முடிந்ததும் காரில் ஏறித் திரும்பிவிடலாம் என்னும் வசதி இல்லை. விருந்தினர் தங்குவது இங்கே ஆடம்பரமன்று. சாலையே தங்கச் சொல்கிறது.

முதலில் சட்டம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆம் பிரிவில், வாடகையைச் செலுத்தி ஒப்பந்தத்தின்படி நடக்கும் குடித்தனக்காரர் அக்காலம் முழுவதும் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்கிறது. பூட்டும் சாவியும் அவர் கையில் இருக்கும் தனிக் குடித்தனத்தில் யார் வரலாம், யார் இரண்டு இரவு உறங்கலாம் என்பது அந்த அனுபவத்துக்குள் அடங்கியதே. வீட்டுக்காரர்கள் அஞ்சுவது உள்வாடகைக்கு. ஆனால் உள்வாடகை என்றால், வீட்டின் முழுமையையோ ஒரு பகுதியையோ இன்னொருவரின் தனி அனுபவத்துக்கு விட்டுவிட்டு, வழக்கமாக அதற்கு ஈடாக ஏதேனும் பெறுவது. கூடத்தில் பாய் விரித்துப் படுக்கும் அத்தையிடம் அவ்விரண்டில் ஒன்றுகூட இல்லை.

இதற்கு எல்லையும் உண்டு. வீட்டுக்காரரின் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையில் இருப்பவர், விடுதியில் இருப்பவர் ஆகியோருக்கு இந்த வாதம் உதவாது. அவர்களுக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் தங்கிக்கொள்ளும் இசைவு மட்டுமே. விருந்தினரை வைக்க அவர்கள் கேட்கத்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் விருந்தினரைப் பற்றி வெளிப்படையான நிபந்தனை இருந்து, அதில் கையெழுத்தும் இட்டிருந்தால், அதையும் புறந்தள்ள இயலாது.

உரிமை இருந்தும் ஏன் எல்லோரும் தயங்குகிறார்கள்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்பதால் ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுகின்றன. பன்னிரண்டாம் மாதம் புதுப்பிப்பதும் முன்பணத்தைத் திருப்பித் தருவதும் வீட்டுக்காரரின் மனநிலையைப் பொறுத்தவை. குடித்தனக்காரரின் தயக்கம் இந்தக் கணக்கிலிருந்து பிறப்பது.

இனி மொழி. தமிழின் "இரு" என்னும் வினையும் கன்னடத்தின் "இரு" என்னும் வினையும் ஒன்றே. இரண்டிலும் அது தற்காலிகமாகத் தங்குவதையும் நிலையாகக் குடியிருப்பதையும் சேர்த்தே குறிக்கும். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் முகவரியையும் சொல்லலாம், நிற்கும் பேருந்து நிறுத்தத்தையும் சொல்லலாம். ஆகவே குடித்தனக்காரர் கன்னடத்தில் "நெண்ட்டரு இர்பஹுதா?" என்று கேட்கும்போது, "உறவினர் இரண்டு நாள் தங்கலாமா?" என்று அவர் நினைப்பதை, "உறவினரும் இங்கே குடியிருக்கலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்க இடமிருக்கிறது. ஒப்பந்தத்தில் பெரும்பாலும் தடைசெய்யப்படுவது இந்த இரண்டாவது பொருளே. வினை தராத எல்லையை நாள் தரும்: எந்த மாலை வருகிறார்கள், எந்த மாலை புறப்படுகிறார்கள் என்று சொன்னால் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று "-லாமா" என்னும் ஈறு. அது முடிவைக் கேட்பவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால், மறுத்தாலும் ஏற்றாக வேண்டும். அடுத்த விழாவுக்கும் கேட்டாக வேண்டும். அதைவிட மோசமானது, "யார் வருகிறார்கள், எந்த ஆட்கள், கவிச்சி சமைப்பார்களா?" என்னும் தொடர் விசாரணைக்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது. அந்த "எந்த ஆட்கள்" என்பதற்கு ஊர்ப்பெயர் விடையாகாது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். அனுமதி என்ற பெயரில் நடக்கும் சாதி விசாரணை அது. விருந்தினரின் எண்ணிக்கையை அறிய வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம் உண்டு. அவர்களின் குலத்தை அறிய ஏதுமில்லை.

எண்ணிக்கைக்கு ஏன் நியாயம் உண்டு என்பதற்குத் தண்ணீரே விடை. நகரக் குடிநீர்த் திட்டங்களில் பயன்படும் அளவுகோல் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். கீழே வீட்டுக்காரர் மூவர், மேலே குடித்தனக்காரர் நால்வர். ஏழு பேருக்கு 945 லிட்டர், ஏறத்தாழ ஓர் ஆயிரம் லிட்டர்த் தொட்டி. விருந்தினர் பன்னிருவர் சேர்ந்தால் 2,565 லிட்டர். விழாச் சமையல் தனி. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கீழ்வீட்டுக் குழாயில் காற்று வந்தால், அதற்குப் பின் எந்தச் சட்டப்பிரிவும் அந்த வீட்டில் அமைதியைக் கொண்டுவராது. தண்ணீர், மாடி, முற்றம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவை பொதுவானவை. கேட்க வேண்டியவை இவைதாம்.

ஆகவே என் பரிந்துரை, செய்தியை இரு பகுதியாக எழுதுவது. தங்குவதைச் செய்தியாகச் சொல்க. பொதுவானதைக் கேள்வியாகக் கேட்க. பத்து நாள் முன்பே, எழுத்தில், இப்படி:

"அம்மா, மகளின் காதணி விழாவுக்காக உறவினர் பன்னிரண்டு பேர் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மாலை வரை எங்கள் வீட்டில் தங்குகிறார்கள். சனிக்கிழமைக்கு நாங்களே ஒரு தண்ணீர் லாரி வரவழைக்கிறோம். அன்று பகல் பந்திக்கு மாடியைப் பயன்படுத்திக்கொள்ளலாமா? நீங்கள் குடும்பத்தோடு வரவேண்டும்."

இதில் "-லாமா" ஒரே ஒரு முறை, மாடிக்கு மட்டுமே வருகிறது. வீட்டுக்காரர் மறுத்தால் பந்தி மண்டபத்துக்குப் போகும். அத்தை வீட்டிலேயே உறங்குவார். அழைப்பைக் கடைசியில் வைத்ததும் எண்ணித்தான். முதலில் வைத்தால் அது கையூட்டுப் போல ஒலிக்கும். ஒலிபெருக்கி பற்றி வீட்டுக்காரரைக் கேட்க ஒன்றுமில்லை: இரவு பத்து முதல் காலை ஆறு வரை வெளியில் அதற்குத் தடை உண்டு, அவர் இசைந்தாலும் கூடாது. தெருவை அடைத்துப் பந்தல் போடுவதற்கும் இசைவு தரவேண்டியவர் அவரல்லர்.

கடினமான நேர்வு விழா முடிந்த பின்னரே வரும். பதினொருவர் ஞாயிறு மாலை கிளம்பிவிடுகிறார்கள். பாட்டி மட்டும் முழங்கால் வலி தீரட்டும் என்று நின்றுவிடுகிறார். ஒரு வாரம் ஒரு மாதமாகிறது. இப்போது "இரு" மெல்லப் பொருள் மாறுகிறது: தங்கியவர் குடியிருப்பவராகிவிட்டார். சட்டத்தின் கண்ணில் அவர் குடும்பத்தவர். அது உள்வாடகை ஆகாது. ஆனால் "நால்வர்" என்று எழுதிய ஒப்பந்தமும் தண்ணீர்க் கணக்கும் மாறிவிட்டன. அந்தக் கட்டத்தில் வீட்டுக்காரரிடம் பேசி, அடுத்த பதினொரு மாத ஒப்பந்தத்தில் பாட்டியின் பெயரையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.