வேர் வெளியே வந்தால் உடனே நடணுமா?

போன வருசம் ஆனி மாதம் வரப்போரம் வைக்க நாற்பது புளியங்கன்று வாங்கி வந்தேன். பையின் அடி ஓட்டை வழியாக வேர் எட்டிப் பார்த்தது. பக்கத்துக் காட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, வேர் வெளிய வந்திருச்சு. இனி பையில வச்சா கன்னு போயிரும், நட்டுருங்க" என்றார். பதறிப்போய் இருபதை நட்டேன்.

கடம்பூரில் ஆனி, ஆடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மேல்காற்று ஆளைத் தள்ளும், மழை இருக்காது, கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊற்றிய தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிப் போனது. வெடிப்பு விரிய விரிய இளவேர் அறுந்தது. மிஞ்சியது நாலு கன்றுதான்.

பேங்கில் நாங்கள் நோட்டீஸ் அனுப்பினால் மறுநாளே ஜப்தி என்று அர்த்தமில்லை. கணக்கை எடுத்துப் பார் என்றுதான் அர்த்தம். ஓட்டையில் தெரியும் வேரும் அப்படித்தான் என்பது என் கட்சி. நடவு நாளைச் சொல்ல வேண்டியது மழை.

மீதி இருபதில் ஒரு பையைப் பிரித்துப் பார்த்தேன். மண்ணே தெரியாமல் வேர் சுற்றியிருந்தால், ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓரமாக ஓடிவிடும், காலையில் நனைத்த கன்று மதியமே வாடும். அப்போது தள்ளிப்போட முடியாது; இரண்டு அங்குலம் பெரிய பைக்கு மாற்றியே ஆகணும். அந்தப் பைக்குச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் போதும். தனிக் கரிசலைப் போட்டால் காய்ந்ததும் பையை விட்டு விலகிச் சுருங்கிவிடும். என் கன்றுகளில் மண் இன்னும் தெரிந்தது, நுனிவேர் வெள்ளையாக இருந்தது. அதனால் வெளியே நீட்டியதை மட்டும் பிளேடால் நறுக்கிவிட்டு, பைகளை வேப்பமர நிழலில், செங்கல் மேல் அடுக்கினேன். அடியில் காற்றோடினால் நீளும் நுனி தானாகவே காய்ந்து நின்றுவிடும். தரையில் வைத்தால் ஆணிவேர் கீழே இறங்கி, தூக்கும்போது பட்டென்று அறும். அப்படி அறுந்த கன்றை அன்றைக்கே நடாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் நிழலில் தண்ணீர் காட்டித் தேற்றிவிட்டு நடுங்கள்.

ஐப்பசியில் நல்ல மழை இறங்கி, வெடிப்பெல்லாம் மூடிய பிறகுதான் குழிக்குப் போனேன். பையைக் கிழித்ததும் அடியில் வளையம்போலச் சுருண்டிருந்த வேரை வெட்டி எடுத்தேன், பக்கவாட்டில் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறிவிட்டேன். வேரை வெட்டக் கை கூசும்தான். ஆனால் சுருண்ட வேர் குழிக்குள்ளும் சுருண்டுதான் வளரும். மரம் பெரிசான பிறகு ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும். நம்ம ஊர் காற்றைச் சொல்லணுமா, கயத்தாறு பக்கம் காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறார்கள்?

இருபதில் பதினேழு இந்தக் கோடையைத் தாண்டி நிற்கிறது. முன்னால் நட்டதில் பிழைத்த நாலும் இவற்றைவிட அரையடி குட்டைதான்.